சேற்றில் கிராஸ் கன்ட்ரி: எங்கே சறுக்குகிறது, முதலில் எதைப் பார்ப்பது

ஐப்பசி மழை விழுந்த பிறகு காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் வட்டாரத்தில் கிராஸ் கன்ட்ரி ஓடினால், ஒரே சுற்றில் நாலு விதமான தரை காலில் படும். புறப்படுவது பெரும்பாலும் செம்மண் பொட்டலில். அங்கிருந்து கண்மாய்க் கரை ஏற்றம், கரைமேல் ஒற்றையடித் தடம். உள்வாயில் இறங்கினால் வண்டல் சகதி, அதைத் தாண்டினால் செம்புறாங்கல் சரளை. மலை என்று சொல்ல இந்தப் பக்கம் குன்றக்குடி, பிரான்மலை போல ஒன்றிரண்டுதான். ஆனாலும் கரையில் ஏறி இறங்கி ஏறுவதே ஒரு பந்தயத்தில் பத்துப் பன்னிரண்டு முறை வந்துவிடும்.

சறுக்குகிறது, மூச்சு முட்டுகிறது, மேட்டில் ஆட்கள் தாண்டிப் போகிறார்கள். எந்தப் பிரச்சினை என்றாலும் முதலில் வரும் கேள்வி "எந்த ஸ்பைக்ஸ் வாங்கலாம்?" என்பதுதான். ஸ்பைக்ஸ் என்பது அடியில் ஆணி திருகிய ஓட்ட ஷூ. ஷூ மாற்றுவது கடைசியில் வர வேண்டிய யோசனை. கீழே உங்கள் அறிகுறி எதுவோ, அந்தக் குறியை மட்டும் பாருங்கள். ஒவ்வொன்றிலும் காசில்லாமல் சரியாவது முதலில், செலவு வைப்பது கடைசியில்.

## குறி 1: கால் சறுக்குகிறது

சறுக்குகிறது என்று மட்டும் சொன்னால் எதையும் கண்டுபிடிக்க முடியாது. எந்தச் சுற்றில், எந்த இடத்தில் என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். காரணம் அதிலேயே பாதி தெரிந்துவிடும்.

### முதல் சுற்றிலிருந்தே, எல்லா இடத்திலும்

இது ஆணி விஷயம். ஷூவைத் திருப்பிப் பாருங்கள். தொலைதூர ஓட்ட ஸ்பைக்ஸில் ஒரு காலுக்கு நாலு முதல் ஆறு ஆணி இருக்கும். ஒன்று குறைந்திருந்தாலோ, நுனி மழுங்கி மொட்டையாகியிருந்தாலோ காரணம் கிடைத்துவிட்டது. செம்புறாங்கல் தரையில் ஆணி சீக்கிரம் தேயும். பெருவிரலுக்குக் கீழே இருக்கும் இரண்டும்தான் முதலில் போகும். பள்ளிக்கூட ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். 12 மி.மீ. என்று வாங்கியது 9 மி.மீ.க்குக் கீழே வந்துவிட்டால் மாற்றுங்கள். மாற்றும்போது இரண்டு காலிலும் ஒன்றாக மாற்ற வேண்டும்.

ஆணி சரியாக இருந்தால் அடுத்து நீளம் பொருந்துகிறதா என்று பாருங்கள். பந்தயம் நடக்கும் தரையில் ஷூவைப் போட்டு, முன்பாதத்தை அழுத்தி, கால் மாற்றி இரண்டு எட்டு தள்ளி ஓடிவிட்டுத் தடத்தைக் குனிந்து பாருங்கள். ஆணிக் குழிகள் வட்டமாக, சுத்தமாக இருந்து, ஷூவின் அடித்தகடு மண்ணில் லேசாகப் பதிந்திருந்தால் நீளம் சரி. குழிகள் பின்பக்கமாகக் கோடு இழுத்தது போல நீண்டிருந்தால் ஆணி போதவில்லை. குழி மட்டும் இருக்கிறது, அடித்தகட்டின் தடமே இல்லை என்றால் ஆணி அதிகம். அந்தத் தரையில் நீங்கள் ஆணி முனைமேல் நிற்கிறீர்கள், கணுக்கால் மடங்க அதுவே போதும்.

தோராயமாக இப்படி வைத்துக்கொள்ளலாம். சரளைக்கும் காய்ந்த பொட்டலுக்கும் 6 மி.மீ. மேலே ஈரம், உள்ளே கெட்டி என்றிருக்கும் செம்மண்ணுக்கு 9. கால் பதியும் செம்மண்ணுக்கு 12. உள்வாய்ச் சகதி சுற்றின் பெரும்பகுதியாக இருந்தால் மட்டும் 15. ஊசி மாதிரி மெல்லிய ஆணி சின்தெடிக் டிராக்குக்கு உரியது. மண்ணுக்குக் கூம்பு ஆணிதான் வேலை செய்யும். சின்தெடிக் அல்லாத தரையில் 25 மி.மீ. வரை வைத்துக்கொள்ள உலகத் தடகள விதி இடம் தருகிறது. ஆனால் அவ்வளவு நீளம் இந்த ஊர்ப் பாதை எதற்கும் தேவைப்படாது. போட்டி நடத்துபவர்கள் தனிக் கட்டுப்பாடு வைத்திருக்கலாம், முந்தின நாளே கேட்டுவிடுங்கள்.

ஒரே சுற்றில் சகதியும் சரளையும் கலந்து வந்தால் 12ஐ எடுங்கள், தயங்க வேண்டாம். 15 மி.மீ. ஆணியோடு அரைக் கிலோமீட்டர் சரளையில் ஓடினால் பாதத்தில் கல் குத்திக்கொண்டே இருக்கும். சகதியில் மிச்சப்படுத்திய நேரம் எல்லாம் அங்கே போய்விடும்.

### முதல் சுற்றில் இல்லை, இரண்டாவதில் ஆரம்பிக்கிறது

ஆணியைக் குறை சொல்லாதீர்கள். அதே ஆணிதானே முதல் சுற்றில் பிடித்தது? மிச்சம் இரண்டு காரணங்கள். ஒன்று, ஆணிகளுக்கு நடுவே மண் அப்பி மெழுகிவிட்டது (குறி 2). இன்னொன்று, வேகமாகப் புறப்பட்டதில் தொடை ஓய்ந்து, காலைத் தூக்காமல் இழுத்து ஓடுகிறீர்கள் (குறி 5). முடித்ததும் ஷூவைக் கழுவாமல் அடியைப் பாருங்கள். ஆணி முனை வெளியே தெரிந்தால் மண் காரணமில்லை, ஓய்ந்ததுதான் காரணம்.

### இறக்கத்தில் மட்டும்

ஸ்பைக்ஸில் ஆணி முன்பாதத்தில்தான் இருக்கிறது, குதிகாலில் வெறும் ரப்பர். கரையிலிருந்து இறங்கும்போது பயத்தில் உடம்பைப் பின்னுக்குச் சாய்த்தால் குதிகால் முதலில் விழும். அந்த நொடியில் நீங்கள் ஆணியே இல்லாத ஷூவில் நிற்கிறீர்கள். எத்தனை மி.மீ. மாட்டினாலும் இது தீராது.

சோதித்துப் பார்க்க: ஈரக் கரையில் ஒருமுறை இறங்கிவிட்டு, மேலே வந்து உங்கள் தடத்தைப் பாருங்கள். குதிகால் பதிந்த இடத்தில் நீளமான வழுக்குக் கோடு, அதன் முடிவில் ஆணிக் குழி இருந்தால் சந்தேகமே வேண்டாம். இதற்கு மருந்து எட்டைக் குறுக்குவது. காலை இடுப்புக்கு முன்னால் நீட்டாமல் இடுப்புக்குக் கீழே வையுங்கள், உடம்பு சரிவுக்கு நேராக நிற்கட்டும், கை இரண்டும் கொஞ்சம் விரிந்திருக்கட்டும். பார்வை காலடியில் வேண்டாம், நாலைந்து எட்டு தள்ளி இருக்கட்டும். வாரம் ஒருநாள், காய்ந்த கரையில் எட்டு முறை, பிறகு ஈரக் கரையில் எட்டு முறை. ஏறும்போது நடந்தே வாருங்கள், இந்தப் பயிற்சி இறங்குவதற்கு மட்டும்.

### திருப்பத்தில் மட்டும்

திருப்பத்துக்குள் போய் வேகத்தைக் குறைக்கிறீர்கள். வேகத்தை ஐந்தாறு எட்டு முன்னாலேயே குறைத்து, திரும்பும்போது குட்டி எட்டு வைத்து, முடிந்ததும் தள்ளுங்கள். எல்லோரும் மிதித்த உள்பக்கம் குழம்பாகிக் கிடக்கும். ஒரு மீட்டர் வெளியே மிதிபடாத தரை இருந்தால் அதுதான் குறுக்கு வழி.

## குறி 2: ஷூ கல் மாதிரி கனக்கிறது

வண்டல் மண் தண்ணீராக இருக்கும்போது அவ்வளவாக ஒட்டாது, காய்ந்துவிட்டாலும் ஒட்டாது. இரண்டுக்கும் நடுவே, பிசைந்த மாவுப் பதத்தில் இருக்கும்போதுதான் அப்பிக்கொள்ளும். அதனால் முதல் திருத்தம் பாதையில் இருக்கிறது. தேங்கிய தண்ணீரைச் சுற்றிக்கொண்டு ஓரமாக ஓடுவது பலருக்கும் பழக்கம். ஒட்டுகிற மண் அந்த ஓரத்தில்தான் இருக்கிறது. பந்தயத்துக்கு முன் பாதையை நடந்து பார்க்கும்போது ஒரு குச்சியை விட்டு ஆழம் பாருங்கள். கணுக்காலுக்குக் கீழே, அடி கெட்டியாக இருந்தால் தண்ணீருக்கு நடுவிலேயே ஓடுங்கள். போகிற போக்கில் ஷூவும் கழுவப்படும். குச்சி ஒரு சாண் இறங்கினால் சுற்றித்தான் போக வேண்டும்.

அடுத்தது எண்ணெய். புறப்படுவதற்குக் கொஞ்சம் முன்னால் அடித்தகட்டில் ஆணிகளுக்கு நடுவே தேங்காய் எண்ணெயைத் துணியில் தொட்டு மெல்லிதாகத் தடவலாம். முதல் ஒன்றிரண்டு கிலோமீட்டருக்கு மண் உதிர்ந்துவிடும், அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். பின்பக்க ரப்பரில் படக்கூடாது, பட்டால் இறக்கத்தில் இன்னும் வழுக்கும்.

ஷூவின் துணி தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்வதும் கனத்துக்கு ஒரு காரணம். உள்ளே தடிமனான பருத்திக் காலுறை போட்டிருந்தால் அதை மெல்லிய நைலானாக மாற்றுங்கள். இதையெல்லாம் செய்தும் கனம் தாங்கவில்லை என்றால் மட்டும், அடியில் ஆணிகளுக்கு இடையே அதிக இடைவெளியும் திறந்த பள்ளமும் உள்ள கிராஸ் கன்ட்ரி ஷூ பற்றி யோசிக்கலாம். டிராக் ஸ்பைக்ஸின் அடியில் இருக்கும் சின்னச் சின்ன வரிகள் சகதியை விடவே விடாது.

## குறி 3: சகதியில் ஷூ கழன்றுவிடுகிறது

முக்கால்வாசி நேரம் இது கயிறு விஷயம். காய்ந்த ஷூவில் கட்டிய கயிறு, நனைந்ததும் தளரும். வாம்-அப்பிலேயே ஷூவை நனைத்து, பத்து நிமிடம் ஓடிய பிறகு அவிழ்த்து மறுபடி கட்டுங்கள். மேலே கணுக்கால் பக்கம் இருக்கும் கடைசித் துளையை விடாமல் பயன்படுத்துங்கள். அதில் அதே பக்கமாக ஒரு வளையம் விட்டு, எதிர்க் கயிற்றை அந்த வளையத்துக்குள் நுழைத்து இழுத்தால் குதிகால் அசையாது. இரட்டை முடிச்சு போட்டு, மிச்சக் கயிற்றைக் குறுக்குக் கயிறுகளுக்குள் செருகிவிடுங்கள். தொங்கும் கயிற்றைப் பின்னால் வருபவர் மிதிப்பார், கருவேலஞ் செத்தையும் பிடித்து இழுக்கும்.

கட்டிய பிறகு உட்கார்ந்து, ஒருவரை விட்டு குதிகால் பக்கமாக ஷூவை இழுக்கச் சொல்லுங்கள். குதிகால் எழும்பினால் ஷூ பெரிது. மெல்லிய காலுறையோடு அரை அளவு குறைத்துப் போட வேண்டியவர் நீங்கள். இறுக்கிக் கட்டி அதைச் சமாளிக்கப் பார்த்தால் பாதத்தின் மேல்பக்கம் மரத்துப்போகும்.

## குறி 4: ஆணி விழுகிறது, அல்லது கழற்ற வரவில்லை

இரண்டும் ஒரே கவனக்குறைவின் இரண்டு பக்கம். மாட்டும்போது மரையில் மண் இருந்தால் ஆணி உட்கார்ந்தது போலத் தெரியும், ஆனால் உட்காராது. பழைய பல் துலக்கும் பிரஷால் துளையைச் சுத்தம் செய்து, மரையில் ஒரு பொட்டு வாசலின் தடவி, முதலில் விரலால் நேராகத் திருகுங்கள். விரல் நின்றதும் ஆணி திருகும் சாவியால் கால் சுற்று, அவ்வளவுதான். அதற்கு மேல் முறுக்கினால் துளைக்குள் இருக்கும் மரை போய்விடும். ஒரு வாம்-அப் முடிந்ததும் மறுபடி ஒருமுறை சாவி வைத்துப் பாருங்கள், ஏதாவது ஒன்று கொஞ்சம் திரும்பும்.

துருப்பிடித்து இறுகியதற்கு: வெந்நீரில் பத்து நிமிடம் அடிப்பாகத்தை மட்டும் ஊறவைத்து, மண்ணைக் குச்சியால் எடுத்து, மரை ஓரத்தில் இரண்டு சொட்டு மெஷின் எண்ணெய் விட்டு ஒரு இரவு விடுங்கள். சாவி பிடிக்கும் ஓரம் தேய்ந்திருந்தால் சைக்கிள் கடைக்குக் கொண்டுபோங்கள். பூட்டும் பிளையர் வைத்து ஒரே திருகில் எடுத்துவிடுவார்கள். ஆணியோடு சேர்ந்து உள்ளே இருக்கும் உலோகக் குழியும் சுற்றினால் அந்தத் துளை முடிந்தது. பசை போட்டு ஒட்டுவது பந்தயம் வரை தாங்காது. ஓரத்தில் இருக்கும் துளை என்றால் காலி அடைப்பு மாட்டிப் பயிற்சிக்கு வைத்துக்கொள்ளலாம், பெருவிரல் பக்கத்துத் துளை என்றால் புது ஷூதான்.

இதெல்லாம் வராமல் இருக்க, பந்தயம் முடிந்த அன்று மாலையே ஆணிகளைக் கழற்றி, செய்தித்தாள் திணித்து, நிழலில் காயவைத்தால் போதும். வெயிலில் வைத்தால் அடித்தகடு நெளியும்.

## குறி 5: வேகமாகப் புறப்பட்டு, 800 மீட்டரில் அடைத்துக்கொள்கிறது

கிராஸ் கன்ட்ரியில் புறப்பாடு வேகமாகத்தான் இருக்கும். பொட்டல் முடிந்து கரைத் தடம் ஆரம்பிக்கும் இடத்தில் பாதை ஒரு ஆள் அகலத்துக்குச் சுருங்கிவிடும். அங்கே பின்னால் மாட்டிக்கொண்டால் அரைச் சுற்றுக்கு யாரையும் தாண்ட முடியாது. ஆகவே "மெதுவாகப் புறப்படு" என்ற அறிவுரை இங்கே பாதிதான் சரி. எவ்வளவு தூரத்துக்கு வேகம், எங்கே விடுவது என்பதுதான் கேள்வி.

### முதலில் பார்க்க வேண்டியது: வாம்-அப்

வாம்-அப்பை முக்கால் மணி நேரம் முன்னாலேயே முடித்துவிட்டு, எண் குத்திக்கொண்டு, வரிசையில் நின்று உடம்பு ஆறிப்போகிறவர்கள் நிறைய. பிறகு துப்பாக்கி வெடித்ததும் முழு வேகம் எடுத்தால் மூச்சு பிடிபடாமல் திணறும். பதினைந்து நிமிட ஜாகிங், கொஞ்சம் அசைவுப் பயிற்சி, பிறகு ஸ்பைக்ஸ் மாட்டி 80 மீட்டர் ஓட்டம் நாலைந்து. கடைசி ஓட்டம் புறப்பாட்டுக்கு ஐந்து நிமிடத்துக்குள் இருக்க வேண்டும். பெரிய போட்டிகளில் ஐந்து, மூன்று, ஒரு நிமிட அறிவிப்பு கொடுப்பார்கள், அதை வைத்துத் திட்டமிடலாம். சின்னப் போட்டிகளில் அழைப்பு வந்த பிறகும் கால் மணி நேரம் நிற்க வைப்பார்கள். நின்ற இடத்திலேயே முழங்கால் தூக்கி ஓடிக்கொண்டிருங்கள்.

### அடுத்தது: முதல் இருபது எட்டு

சேற்றில் நின்று நீளமாகத் தாவினால் பின்கால் வழுக்கும், அந்த இடத்திலேயே இரண்டு ஆள் முந்திவிடுவார்கள். முதல் பத்து எட்டு குட்டியாக, வேகமாக, முன்பாதத்தில். முழங்கையைக் கொஞ்சம் வெளியே வைத்துக்கொண்டால் இடித்துத் தள்ளுபவர்களிடமிருந்து தப்பலாம். தொலைதூர ஓட்டத்தில் "ஆன் யுவர் மார்க்ஸ்"க்குப் பிறகு நேராகத் துப்பாக்கிதான், "செட்" கிடையாது. அதனால் கோட்டுக்குப் பின்னால் முன்னங்காலில் எடையை வைத்து, அசையாமல் நில்லுங்கள். நிற்கும் இடத்தைத் தேர்ந்தெடுக்க முடிந்தால், முதல் திருப்பம் இடப்பக்கம் என்றால் இடது ஓரத்தைத் தவிருங்கள். எல்லோரும் வந்து சாய்வது அங்கேதான்.

### அதற்கடுத்து: வேகத்தை எங்கே விடுவது

இதுதான் அடிப்படைக் காரணமாக அதிகம் தென்படுவது. 15 முதல் 20 விநாடி வரை துள்ளி ஓடலாம், அதற்குப் பெரிய விலை இல்லை. அதே வேகத்தை 40, 50 விநாடி பிடித்துக்கொண்டிருந்தால் மிச்சப் பந்தயம் முழுக்க அந்தக் கடனை அடைக்க வேண்டும். பாதையை நடந்து பார்க்கும்போது, புறப்படும் கோட்டிலிருந்து சுருங்கும் இடம் வரை எத்தனை எட்டு என்று எண்ணுங்கள். ஏறக்குறைய நூறு மீட்டரில் ஒரு மரமோ மின்கம்பமோ பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். அது வரை துள்ளல், அதன் பிறகு மூச்சை நீளமாக வெளியே விட்டு, தோளை இறக்கி, சுருங்கும் இடம் வரை பந்தய வேகம்.

கைக்கடிகாரத்தில் சோதனை: முதல் கிலோமீட்டர், நீங்கள் திட்டமிட்ட சராசரியைவிட ஐந்து முதல் எட்டு விநாடி வேகமாக இருந்தால் பரவாயில்லை. பதினைந்துக்கு மேல் போனால் பிரச்சினை புறப்பாட்டில்தான்.

### கடைசியாக: பழகவில்லை

மேலே உள்ளவை சரியாக இருந்தும் அடைத்துக்கொண்டால், உடம்புக்கு அந்த மாற்றம் பழக்கமில்லை. வாரம் ஒருநாள், பொட்டலில் ஸ்பைக்ஸ் போட்டு 150 மீட்டர் புறப்பாட்டு வேகம், நிற்காமல் அப்படியே 850 மீட்டர் பந்தய வேகம். மூன்று நிமிடம் நடை. இப்படி நாலு முறை. பந்தயத்துக்கு ஐந்து வாரம் முன் ஆரம்பித்து, கடைசி முறையைப் பத்து நாள் முன்னால் நிறுத்துங்கள். ஒவ்வொன்றிலும் 850 மீட்டர் பகுதியின் நேரத்தை மட்டும் எழுதுங்கள். நாலாவது, முதலாவதைவிடப் பத்து விநாடிக்கு மேல் பின்தங்கினால் 150 மீட்டரை இன்னும் மட்டுப்படுத்த வேண்டும்.

## குறி 6: மேட்டில் ஆட்கள் தாண்டிப் போகிறார்கள்

### ஏறும்போதே தாண்டுகிறார்கள்

கண்மாய்க் கரை ஏற்றம் செங்குத்து, ஆனால் நீளம் இருபது முப்பது மீட்டர்தான். அடியில் நின்று மேலே பார்த்துப் பயந்து எட்டை நீட்டினால் கால் வழுக்கும், தொடையும் எரியும். கியர் மாற்றுவது போல எட்டைப் பாதியாக்கி, கையை வேகமாக ஆட்டுங்கள். வேகம் குறையும், குறையட்டும், மூச்சின் அளவு மாறாமல் இருந்தால் போதும். முதுகை வளைத்துக் குனிய வேண்டாம், கணுக்காலிலிருந்து சாயுங்கள்.

### உச்சி வந்த பிறகு தாண்டுகிறார்கள்

இதுதான் அதிகம் நடப்பது, ஆனால் ஓடுபவர் கவனிப்பதில்லை. "ஏறும்போது கூடவே வந்தேன் சார், அப்புறம் எப்படியோ போயிட்டாங்க" என்பார்கள். மேலே கால் வைத்த உடனே உடம்பு தானாக ஓய்வெடுத்துவிடுகிறது, நாலைந்து விநாடி. ஒரு சுற்றுக்கு இரண்டு கரை, மூன்று சுற்று என்றால் கணக்குப் போட்டுப் பாருங்கள். கரைமேல் ஏறியதும் பன்னிரண்டு எட்டு எண்ணி, அது வரை தள்ளி ஓடுங்கள், பிறகு மூச்சு வாங்கிக்கொள்ளலாம். பயிற்சியிலும் ஏற்றம் முடியும் இடத்தில் நிற்காமல், கரைமேல் முப்பது மீட்டர் தள்ளி ஒரு கல் வைத்து அது வரை ஓடுங்கள். எட்டு முறை, இறங்கி வரும் ஜாகிங் மட்டும் ஓய்வு.

### இறங்கும்போது தாண்டுகிறார்கள்

குறி 1இல் இறக்கத்தைப் பற்றிச் சொன்னதேதான். பிரேக் போட்டு இறங்குபவருக்கு மறுநாள் தொடையின் முன்பக்கம் உட்காரவிடாமல் வலிக்கும், அதையே அடையாளமாக வைத்துக்கொள்ளலாம்.

## ஒரு பந்தயத்தைப் பிரித்துப் பார்த்தால்

20 வயதுக்குட்பட்ட பெண்களுக்கு 6 கிலோமீட்டர், 2 கிலோமீட்டர் சுற்று மூன்று என்று வைத்துக்கொள்வோம். ஓடுபவர் காய்ந்த தரையில் 5 கிலோமீட்டரை 20 நிமிடத்தில் முடிப்பவர். இப்படிப்பட்ட சேற்றுப் பாதையில் கிலோமீட்டருக்கு 20 விநாடி சேர்த்து 4:20 என்று திட்டமிட்டால் ஒரு சுற்று 8:40, மொத்தம் 26:00. அவர் ஓடியது 8:10, 9:05, 9:25. மொத்தம் 26:40. 15 மி.மீ. ஆணி மாட்டியிருந்தார். வந்து சொன்னது: "கரையில் ஸ்பைக்ஸ் பிடிக்கவில்லை."

சுற்று நேரம் வேறு கதை சொல்கிறது. கரையில் முதல் சுற்றில் சறுக்கவில்லை, இரண்டாவதில்தான் ஆரம்பித்தது. அதனால் ஆணி நீளம் போதவில்லை என்பதற்கு இடமில்லை. ஷூவைப் பார்த்தால் ஆணி முனை எல்லாம் வெளியே தெரிகிறது, மண் அப்பலும் இல்லை. புறப்பாட்டுக்குப் போவோம். பொட்டலில் முதல் 250 மீட்டரை 48 விநாடியில் ஓடியிருக்கிறார், அதாவது கிலோமீட்டருக்கு 3:12 வேகம். அவருடைய 5 கிலோமீட்டர் வேகமே 4:00தான். இரண்டாம் சுற்றில் தொடை எழும்பாததும், எட்டை இழுத்து வைத்ததும், கரையில் சறுக்கியதும் இந்த 48 விநாடியின் வட்டி.

இன்னொன்றும் கேட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது: சரளையில் எப்படி இருந்தது? "கல்லு குத்துச்சு, மெதுவாத்தான் வந்தேன்." நீளமான ஆணியால் ஒவ்வொரு சுற்றிலும் அங்கேயும் சில விநாடி போயிருக்கிறது.

அடுத்த பந்தயத்துக்கு மாற்றம் இரண்டுதான். ஆணி 15இலிருந்து 12க்கு. முதல் 250 மீட்டர் 54 விநாடி, அதில் துள்ளல் முதல் நூறு மீட்டருக்கு மட்டும். சுற்று இலக்கு 8:25, 8:40, 8:45, கூட்டினால் 25:50. புது ஷூவுக்கு ஒரு ரூபாய் செலவழிக்கவில்லை. முதல் சுற்று 8:25க்கு வந்தும் மூன்றாவது 9:10க்கு மேல் போனால், அப்போது பயிற்சி தூரம் போதவில்லை என்று பொருள், அது ஆறேழு வார வேலை.

## குறி 7: வலி

இங்கே சோதனை சுருக்கம், பொறுமையும் சுருக்கமாகத்தான் இருக்க வேண்டும்.

ஸ்பைக்ஸ் போட்ட மறுநாள் ஆடுசதை இரண்டு காலிலும் ஒரே மாதிரி இறுகியிருந்தால், குதிகால் உயரம் குறைந்த ஷூவுக்குப் பழகவில்லை என்று பொருள். பந்தயத்துக்கு நாலு வாரம் முன்பிருந்தே வாரம் இருமுறை, முதலில் பத்து நிமிடம், பிறகு மெல்லக் கூட்டி ஸ்பைக்ஸில் ஓடியிருக்க வேண்டும். இரண்டு மூன்று நாளில் சரியாகும். ஒரு காலில் மட்டும், குதிகாலுக்கு மேலே இருக்கும் தடித்த தசைநாணைக் கிள்ளினால் வலித்து, காலையில் முதல் அடி வைக்கவே முடியவில்லை என்றால் ஸ்பைக்ஸையும் மேட்டுப் பயிற்சியையும் நிறுத்துங்கள். பத்து நாளில் குறையாவிட்டால் பிசியோதெரபிஸ்டிடம் போங்கள். அந்த இடத்தில் 'டப்' என்று அறுந்த மாதிரி உணர்ந்தால் பத்து நாள் கணக்கெல்லாம் இல்லை, அன்றைக்கே எலும்பு மருத்துவரிடம்.

முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பில் விரல் நுனி அளவு இடத்தில் மட்டும் வலி, அந்தக் காலில் குதித்தால் அதே இடத்தில் தெறிக்கிறது என்றால் எலும்பில் கீறல் இருக்கலாம். ஓட்டத்தை நிறுத்திவிட்டுப் போய்க் காட்டுங்கள். ஆரம்பத்தில் எடுக்கும் எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம், வலி நீடித்தால் மறுபடி காட்ட வேண்டும். கணுக்கால் பிரண்டு, ஊன்றி நாலு அடி நடக்க முடியாவிட்டால் எண்ணெய் போட்டு உருவாதீர்கள், முதலில் எக்ஸ்ரே.

கருவேல முள் ஸ்பைக்ஸின் மெல்லிய அடியைத் துளைத்து ஏறும். பிடுங்கியதும் முள்ளைப் பாருங்கள். நுனி உடைந்திருந்தால் மிச்சம் உள்ளே இருக்கிறது. ஊசியால் நோண்டாமல் மருத்துவமனையில் எடுக்கச் சொல்லுங்கள். தடுப்பூசி போட்டு ஐந்து ஆண்டு ஆகிவிட்டிருந்தால் டெட்டனஸ் ஊசியும் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். காலில் வெட்டுக்காயத்தோடு கண்மாய்த் தண்ணீரில் ஓடியவருக்கு அடுத்த இரண்டு மூன்று வாரத்துக்குள் காய்ச்சலும், ஆடுசதையில் கடும் வலியும், கண் சிவப்பும் வந்தால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம். ஓடிய களைப்பு என்று மாத்திரை போட்டுப் படுத்துவிடாமல், எந்தக் கண்மாய்த் தண்ணீரில், என்றைக்கு இறங்கினோம் என்பதையும் டாக்டரிடம் சேர்த்துச் சொல்லுங்கள்.